முதல் மீட்புக் காப்பில் பணம் கிடையாது

ஆசிரியருக்கு,

சென்ற ஞாயிற்றுக்கிழமை வணிகப் பக்கத்தில் பங்குகளைத் திரும்ப வாங்குவது (பைபேக்) பற்றி வந்த கட்டுரை பெரும்பாலும் தெளிவாகவே இருந்தது. ஆனால் நிறுவனம் அதற்காக ஒரு தொகையை முதல் மீட்புக் காப்பு என்ற நிதியில் ‘போட்டு வைக்கிறது’ என்று எழுதியிருந்தீர்கள். முப்பது ஆண்டுகள் மேல்நிலை வகுப்பில் கணக்குப்பதிவியல் நடத்தியவன் என்பதால் அந்த வரியைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. அந்தக் காப்பில் ஒரு ரூபாய்கூடப் பணமாக இருக்காது. அது ஏட்டில் ஒரு பெயர் மாற்றம், அவ்வளவுதான்.

கரும்பலகையில் போடும் கணக்கையே இங்கும் போடுகிறேன். ஒரு நிறுவனத்துக்கு 10 ரூபாய் முகமதிப்பில் 10 லட்சம் பங்குகள். ஆக, பங்கு முதல் 1 கோடி ரூபாய். பல ஆண்டு இலாபம் சேர்ந்து பொதுக்காப்பு 3 கோடி. இப்போது 2 லட்சம் பங்குகளை, பங்கு ஒன்றுக்கு 40 ரூபாய் கொடுத்துத் திரும்ப வாங்கி ரத்து செய்கிறது. வங்கியிலிருந்து 80 லட்சம் வெளியே போகிறது. அதில் 20 லட்சம் முகமதிப்பு. அது பங்கு முதலில் குறைகிறது. மீதி 60 லட்சம் பொதுக்காப்பில் குறைகிறது.

இத்துடன் நிறுத்தினால் என்ன ஆகும்? பங்கு முதல் 80 லட்சமாகிவிடும். பொதுக்காப்பில் 2 கோடியே 40 லட்சம் இருக்கும். அது முழுவதையும் நிறுவனம் நாளைக்கே பங்காதாயமாகக் கொடுத்துவிடலாம். 1 கோடி ரூபாய் முதலை நம்பிக் கடன் கொடுத்தவர் கதி? அவரைப் பொறுத்தவரை முதலுக்கே மோசம். அதனால்தான் 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், 69ஆம் பிரிவில், ரத்தான பங்குகளின் முகமதிப்புக்குச் சமமான தொகையைக் காப்பிலிருந்து முதல் மீட்புக் காப்புக்கு மாற்றச் சொல்கிறது. பொதுக்காப்பைப் பற்று வைத்து, முதல் மீட்புக் காப்பில் 20 லட்சம் வரவு. இப்போது பங்கு முதல் 80, முதல் மீட்புக் காப்பு 20. கூட்டினால் பழைய 1 கோடி. பொதுக்காப்பு 2 கோடியே 20 லட்சம். அந்த 20 லட்சத்தைப் பங்காதாயமாகப் பங்கிட முடியாது. முழுதும் செலுத்தப்பட்ட போனஸ் பங்குகள் வெளியிடலாம். அப்போதும் அது பங்கு முதலாகத்தான் திரும்புமே தவிர வெளியே போகாது.

மாணவர்கள் ஆண்டுதோறும் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. காப்புக்கு 20 லட்சத்தை மாற்றாமல், கொடுத்த விலையான 80 லட்சத்தையும் மாற்றிவிடுவார்கள். பூட்டி வைக்க வேண்டியது குறைந்துபோன முதலை மட்டுமே. இதே காரணத்தால், புதிதாக வேறு வகைப் பங்குகளை வெளியிட்டு அந்தப் பணத்தில் வாங்கினால் இந்தப் பதிவே தேவையில்லை. போன முதலின் இடத்தில் புது முதல் வந்துவிடுகிறது.

இந்தப் பூட்டு எவ்வளவு கெட்டியானது என்று கேட்டால், சற்றுத் தயக்கத்துடன்தான் பதில் சொல்ல வேண்டும். இன்ஃபோசிஸ் 2017இல் சுமார் 11.3 கோடி பங்குகளை 1,150 ரூபாய் விலையில் வாங்கியது. வெளியே போனது 13,000 கோடி ரூபாய். பங்கின் முகமதிப்பு 5 ரூபாய் என்பதால் முதல் மீட்புக் காப்புக்குப் போக வேண்டியது சுமார் 56.5 கோடி மட்டுமே. யானைப் பசிக்குச் சோளப்பொரி! முகமதிப்புக்கும் சந்தை விலைக்கும் இவ்வளவு இடைவெளி இருக்கும் நாளில், கடன் கொடுத்தவரை உண்மையில் காப்பது 68ஆம் பிரிவில் உள்ள வரம்புகள்தாம். செலுத்தப்பட்ட முதலும் பங்கிடத்தக்க காப்புகளும் சேர்ந்த தொகையில் 25 விழுக்காட்டுக்கு மேல் இதற்குச் செலவிடக் கூடாது. வாங்கி முடித்தபின் கடன் அவ்விரண்டின் கூட்டுத்தொகையைப்போல் இரு மடங்கைத் தாண்டக் கூடாது. கட்டுரையில் இவற்றுக்கு ஒரு பத்தி ஒதுக்கியிருக்கலாம்.

இன்னொன்று. வாங்கிய பங்குகளை நிறுவனம் கையில் வைத்திருந்து விலை ஏறும்போது விற்கலாம் என்றும் எழுதியிருந்தீர்கள். அமெரிக்காவில் அப்படி வைத்துக்கொள்ள முடியும். இந்தியாவில் பைபேக் முடிந்த 7 நாட்களுக்குள் அவற்றை அழித்துவிட வேண்டும். விற்க ஒன்றும் மிஞ்சாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வணிகவியல் ஆசிரியர்,
காரைக்குடி.