பூட்டை எடுத்துவிட்டுக் கடலூர் முதுநகருக்கு வாருங்கள்: சேமிப்புச் செயலி நிறுவனங்களின் விளம்பரப் பிரிவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். புதுச்சேரியில் விளம்பரப் புகைப்படம் எடுப்பது என் தொழில். துணிக்கடை, நகைக்கடை, தங்கும் விடுதி என்று பலருக்கும் படம் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். வேலை நிமித்தமாகக் கடலூருக்குப் பஸ்ஸில் போய்வரும்போது சாலையோரத்தில் உங்கள் விளம்பரப் பலகைகளைப் பார்க்கிறேன். எந்த நிறுவனத்தின் பலகையாக இருந்தாலும் படம் ஒன்றாகவே இருக்கிறது. பொன்னிற நாணயக் குவியல், அதன்மேல் பளபளக்கும் பூட்டு, பின்னால் கருநீலம். நாணயத்தில் சிங்க முத்திரைகூட இல்லை; அது எந்த நாட்டுக் காசு என்றே சொல்ல முடியாது.

அந்தப் படம் ஏன் உங்களுக்கு வசதியாக இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். இணையத்தில் ஆயத்தமாக விலைக்குக் கிடைக்கிறது. நடிப்பவருக்குச் சம்பளம் இல்லை, ஒப்புதல் கடிதம் இல்லை, ஊருக்கு ஊர் மாற்ற வேண்டிய தேவையும் இல்லை. ஆனால் ஏமாற்றுச் செயலி நடத்துகிறவனுக்கும் அதே படம் அதே விலைக்குக் கிடைக்கிறது. அவனுடைய பூட்டையும் உங்களுடைய பூட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது யாருடையது என்று என்னாலேயே சொல்ல முடியாது. குரோம் உலாவியில் இணைய முகவரிக்குப் பக்கத்தில் இருந்த பூட்டுச் சின்னத்தைக் கூகுள் நிறுவனமே 2023 செப்டம்பரில் எடுத்துவிட்டது. அனுப்புகிற தகவலை வழியில் யாரும் படிக்க முடியாது என்பதற்கு மட்டுமே அந்தச் சின்னம் அடையாளம். மக்களோ, தளம் நடத்துகிறவரே நாணயமானவர் என்று எடுத்துக்கொண்டார்கள். மோசடித் தளங்களிலும் அந்தப் பூட்டு இருந்தது.

இதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. கடலூர் முதுநகர் மீன்பிடித் துறைமுகத்தில் கூடையோடு நிற்கும் பெண்களுக்குப் பணத்தின்மேல் தொங்கும் பூட்டு ஆறுதல் தராது. பணம் களவு போகுமோ என்ற கவலை அவர்களுக்கும் உண்டு. ஆனால் அதற்கு முன்னால் வருவது, கேட்கும்போது கைக்கு வருமா என்ற கவலை. தீபாவளிச் சீட்டு கட்டி, பண்டிகைக்கு முதல் வாரம் கடை மூடிக் கிடந்ததைப் பார்த்த ஊர்கள் இவை. அங்கேயும் பணம் உள்ளே போகும் வழி நன்றாகத்தான் இருந்தது. வெளியே வரும் வழிதான் இல்லை. நீங்கள் காட்டும் படத்திலும் பணம் உள்ளே போவது மட்டுமே தெரிகிறது.

ஆகவே நான் கேட்பது, பணம் திரும்பி வருவதைக் காட்டுங்கள் என்பது. அதை மனிதர்களை வைத்துத்தான் காட்ட முடியும்.

இந்தக் கடற்கரையில் அதற்கு ஒரு காலம் இருக்கிறது. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகா. சிறு படகுகளில் வரும் மீனை நம்பித்தான் வியாபாரம். வரத்துக் குறைவு, ஏல விலை அதிகம், கூடைக்காரப் பெண்ணுக்கு மிஞ்சுவது சொற்பம். பள்ளிக் கட்டணமும் அதை ஒட்டியே வந்து நிற்கும். இப்படி ஒரு பெண் நாளுக்கு 50 ரூபாய் சேமிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தடைக்காலத்தையும், புயல் எச்சரிக்கையும் திருவிழாவும் வருகிற நாட்களையும் கழித்து, ஆண்டில் 250 நாள் போட முடிந்தால் 12,500 ரூபாய் சேரும். அதைத் தடைக்காலம் முழுவதற்கும் பிரித்தால் வாரத்துக்கு ஏறக்குறைய 1,400 ரூபாய். வட்டிக்கு வாங்காமல் அடுப்பெரிய அது போதும். உங்கள் விளம்பரத்தின் கதை இந்த 1,400 ரூபாய்தான். மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அது அவருடைய கைக்கு எப்படி வந்து சேர்கிறது என்பதை முப்பது விநாடியில் சொல்லிவிடலாம்.

எப்படி எடுப்பேன் என்று சொல்கிறேன். துறைமுகத்தில் படம் எடுக்கப் போனபோது கவனித்த ஒன்றிலிருந்து தொடங்குவேன். மீன் அரிகிற பெண்ணின் விரல் கைப்பேசியின் ரேகை உணரியில் எளிதில் ஏறாது. ஈரமும் செதிலும் இருக்கும். முந்தானையில் துடைத்துவிட்டு வைத்தாலும் மறுத்துவிடும். கத்தியும் பனிக்கட்டியும் உப்புத் தண்ணீரும் ஆண்டுக்கணக்கில் பட்ட விரல் அது, ரேகையே தேய்ந்திருக்கும். மூன்றாவது முறையும் மறுத்ததும் ஒருவர் மகனைக் கூப்பிட்டார். மகன் கைப்பேசியை வாங்கி, யுபிஐ செயலியைத் திறந்து, ரகசிய எண் கேட்கும் இடம் வந்ததும் அம்மாவிடமே நீட்டிவிட்டுக் கடல் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டான். அவர் ஒவ்வோர் எண்ணாக அழுத்தி முடித்து, “ஆச்சுப்பா” என்ற பிறகுதான் திரும்பினான்.

பாதுகாப்பைக் காட்ட அந்த நான்கு விநாடி போதும். ரகசிய எண் பெற்ற பிள்ளைக்கும் தெரியக்கூடாது என்பதை எந்த அறிவிப்பும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது. பெண்களின் கைப்பேசியை வீட்டில் இன்னொருவர் இயக்கித் தருவது இங்கே வழக்கம். உங்கள் செயலிக்கு உண்மையான ஆபத்தும் அங்கேதான் தொடங்குகிறது. பளபளப்பான பெருவிரல் ஒன்று கண்ணாடியைத் தொட்டதும் பச்சை விளக்கு எரிகிற காட்சியைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அவருடைய விரலுக்கு அது நடப்பதில்லை.

அடுத்த காட்சியில் குறுஞ்செய்தி வருகிறது. கீறல் விழுந்த கண்ணாடி, வெயிலில் மங்கும் எழுத்து. பணம் வங்கிக் கணக்குக்கு வந்துவிட்டது என்பதை அவர் தாமே படிக்கிறார், அல்லது பக்கத்துக் கூடைக்காரர் படித்துச் சொல்கிறார். அப்போது வங்கியின் பெயர் வாய்விட்டுச் சொல்லப்பட வேண்டும். இதில்தான் உங்கள் நிறுவனங்கள் தயங்குகின்றன. செயலியின் பெயர் மட்டுமே நிற்க வேண்டும் என்று விரும்புகிறீர்கள். ஆனால் பணம் செயலியில் இருப்பதில்லை. வேறு எங்கோ இருக்கிறது. அந்த இடத்தைப் பொறுத்தே நீங்கள் எந்த அளவுக்கு உறுதி சொல்லலாம் என்பதும் மாறும்.

வங்கியில் வைப்பாக இருந்தால், ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரி முதல் அதுதான் வரம்பு. பணப்பையாகச் செயல்படும் செயலியில் நிற்கும் தொகைக்கு அந்தக் காப்பீடு கிடையாது. மியூச்சுவல் ஃபண்டுக்கும் கிடையாது. டிஜிட்டல் தங்கமாக மாற்றுகிறீர்கள் என்றால், 100 ரூபாய்த் தங்கத்துக்கு 3 ரூபாய் ஜிஎஸ்டி வாங்கும்போதே போய்விடுகிறது. விற்கும் விலை வாங்கும் விலையைவிடக் குறைவு. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பும் 2025 நவம்பரில், டிஜிட்டல் தங்கம் தன் கண்காணிப்பின்கீழ் வராது என்று பொதுமக்களை எச்சரித்திருக்கிறது. மேலே சொன்ன 12,500 ரூபாயைத் தங்கத்தில் போட்டவருக்கு மே மாதத்தில் எவ்வளவு வரும் என்பது அன்றைய விலையைப் பொறுத்தது. நாணயக் குவியலும் பூட்டும் இந்த வேறுபாடுகளை எல்லாம் மூடிவிடுகின்றன. கூடைக்காரப் பெண் வாயைத் திறந்து “பணம் இன்ன வங்கியில் இருக்கிறது” என்று சொல்ல வேண்டி வந்தால் எதையும் மூட முடியாது. ஆகவே கேமராவை எடுப்பதற்கு முன் இந்தக் கேள்விக்கான பதிலை உங்கள் சட்டப் பிரிவிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு வாருங்கள். பதில் ஒரு வரியில் அடங்காவிட்டால், அந்தத் திட்டத்துக்குப் ‘பாதுகாப்பு’ என்று விளம்பரம் எடுக்காதீர்கள்.

நிபந்தனைகளையும் கீழே பொடி எழுத்து ஆங்கிலத்தில் ஓடவிடாதீர்கள். தவறாக வழிநடத்தும் விளம்பரங்களைத் தடுக்க 2022இல் மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறைகளின்படி, உறுதிமொழி எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில், அதே எழுத்துருவில் பொறுப்புத் துறப்பும் இருக்க வேண்டும். தமிழில் அழைத்துவிட்டு ஆங்கிலத்தில் கைகழுவுவதை நான் கடலூர்ச் சாலையில் இன்னும் பார்க்கிறேன்.

தினமும் 50 ரூபாயைத் தானாக எடுத்துக்கொள்ளும் வசதியைப் பற்றியும் ஒரு காட்சி வேண்டும். கடல் கொந்தளித்து மீன் வராத நாளில் அந்த 50 ரூபாய் வீட்டுக்குத் தேவை. தானாகக் கழியும் அனுமதியை யுபிஐ செயலியில் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்பது பலருக்குத் தெரியாது. கூடை காலியாகக் கிடக்க, அவர் அதை நிறுத்திவைப்பதைக் காட்டுங்கள். சேமிப்பு நிறுவனம் சேமிப்பை நிறுத்துவதைக் காட்டலாமா என்று உங்கள் மேலாளர் கேட்பார். நிறுத்த முடிகிறது என்று தெரிந்தவர்தான் துணிந்து தொடங்குவார். சீட்டுக் கட்டி நடுவில் விட முடியாமல் தவித்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பூட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சிரித்த முகத்தோடு ஒரு மீனவப் பெண்ணை, கையில் கைப்பேசி கொடுத்து நிறுத்திவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அந்த முகமும் விலைக்கு வாங்கிய படம்தான். பேசுகிறவர் உண்மையிலேயே உங்கள் செயலியைப் பயன்படுத்துகிறவராக இருக்க வேண்டும். நடிகை என்றால் நடிகை என்று தெரிய வேண்டும். படம் பலன் தருகிறதா என்று பார்க்க, வெளியிடும் முன் ஒலியை நிறுத்திவிட்டு முதுநகரிலோ புதுச்சேரி பெரிய மார்க்கெட்டிலோ சிலருக்குப் போட்டுக் காட்டுங்கள். பிடித்திருக்கிறதா என்று கேட்காதீர்கள். மரியாதைக்காக எல்லோரும் பிடித்திருக்கிறது என்றுதான் சொல்வார்கள். “அந்த அம்மாவின் பணம் இப்போது எங்கே இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை எடுக்க முடியுமா? எண்ணை யார் அழுத்தினார்கள்?” என்று கேளுங்கள். மூன்றுக்கும் சரியான பதில் வராவிட்டால் திரும்ப எடுக்க வேண்டும்.

படப்பிடிப்புக்கு வருவதாக இருந்தால் மே மாதத்தில் வாருங்கள். துறைமுகத்தில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும்; வலை பின்னுகிறவர்களும் எஞ்சின் பழுது பார்க்கிறவர்களும் இருப்பார்கள். பணம் எடுக்கும் காட்சிக்கு அதுதான் உண்மையான களம். காலை ஆறு மணி வெளிச்சம் போதும், விளக்கு வேண்டாம். நிற்கச் சொல்லும் ஒவ்வொரு பெண்ணுக்கும் அன்றைய வியாபாரத்துக்கு ஈடான கூலியை முன்கூட்டியே கொடுங்கள். ஒப்புதல் கடிதம் தமிழில் இருக்கட்டும். படம் எந்த ஊர்களில், எத்தனை மாதம் ஓடும் என்பதை அதில் எழுதி, கையெழுத்து வாங்குவதற்கு முன் படித்துக் காட்டுங்கள். பக்கத்தில் நிற்க யாரும் இல்லையென்றால் நான் வருகிறேன்.

இப்படிக்கு,
புதுச்சேரியிலிருந்து ஒரு விளம்பரப் புகைப்படக் கலைஞர்