சனிக்கிழமை வரும் பொது விடுமுறைக்கு ஈடு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூரில் 2026ஆம் ஆண்டு தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை வருகிறது. மறுநாள் திங்கட்கிழமை விடுமுறை என்பதை யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. விசாக தினமும் தேசிய தினமும் இந்த ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகளில்தான் வருகின்றன. அந்த இரண்டுக்கும் திங்கட்கிழமை விடுமுறை நாள்காட்டியிலேயே அச்சாகியிருக்கிறது. ஆனால் நோன்புப் பெருநாள் மார்ச் 21, சனிக்கிழமை வந்ததே, அதற்குரிய ஈடு உங்களுக்குக் கிடைத்ததா என்று கேட்டுப் பாருங்கள். வாரம் ஐந்து நாள் வேலை செய்பவர்களில் பலர், அப்படி ஒன்று உண்டா என்று திருப்பிக் கேட்கிறார்கள்.

உண்டு. சிறு நிறுவனங்களுக்குச் சம்பளக் கணக்கு பார்த்துக் கொடுப்பது என் தொழில். நாள்காட்டியில் இல்லாததால் இந்த ஒரு நாள் சத்தமில்லாமல் காணாமல் போவதைப் பார்த்து மனம் பொறுக்காமல்தான் எழுதுகிறேன்.

ஐந்து நாள் வேலைக்காரருக்குச் சனியும் ஞாயிறும் ஒரே மாதிரி வீட்டில் கழியும் நாள்கள்தாம். வேலை நியமனச் சட்டம் அவற்றை ஒன்றாகப் பார்ப்பதில்லை. வழக்கமான ஒப்பந்தத்தில் ஞாயிறு ஓய்வு நாள். சனி வேலை இல்லாத நாள், அவ்வளவுதான். பொது விடுமுறை ஓய்வு நாளில் வந்தால் அடுத்த வேலை நாள் சம்பளத்துடன் கூடிய விடுமுறையாகிவிடும். அதற்கு யாருடைய ஒப்புதலும் தேவையில்லை. வேலை இல்லாத நாளில் வந்தாலோ, முதலாளி வேறொரு நாளை விடுமுறையாகத் தரலாம், அல்லது ஒரு நாள் சம்பளத்தைக் கூடுதலாகத் தரலாம். இரண்டில் எது என்பதை அவர் தீர்மானிக்கலாம். இரண்டையும் தராமல் இருப்பதற்குத்தான் சட்டத்தில் இடமில்லை.

சனிக்கிழமைக்கும் ஒரு திங்கட்கிழமையை அறிவித்துவிட்டால் என்ன என்று தோன்றும். எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் கடைகளிலும் கட்டுமானத் தளங்களிலும் வாரம் ஆறு நாள் வேலை செய்பவர்கள் இன்னமும் ஏராளமாக இருக்கிறார்கள். அவர்களுக்குச் சனிக்கிழமை வேலை நாள் என்பதால் அன்றே விடுமுறை கிடைத்துவிடுகிறது. திங்களையும் அறிவித்தால் அவர்களுக்கு ஒன்றுக்கு இரண்டாகும். அதனால் இதை அவரவர் ஒப்பந்தத்தைப் பொறுத்து விட்டிருப்பதில் நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்தின் நிழலில் ஒருவரின் உரிமை மறைந்துபோவதைத்தான் ஏற்க முடியவில்லை.

என் தங்கை மகன் ஒரு கிடங்கில் வேலை செய்கிறான். திங்கள் முதல் வெள்ளிவரை வேலை. அடிப்படைச் சம்பளம் 2,340 வெள்ளி, ஷிப்டுக்கான படி 260 வெள்ளி, சாப்பாட்டுப் படி தனி. மார்ச் மாதச் சம்பளச் சீட்டைப் பார்த்தேன். மார்ச் 21 பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. மாற்று நாளும் தரவில்லை. "சனிக்கிழமை எப்படியும் வேலை கிடையாதே பெரியம்மா, அதற்குப் போய் எப்படிப் பணம் கேட்பது?" என்றான்.

இதே கேள்வியைப் படித்தவர்கள்கூடக் கேட்கிறார்கள். ஆண்டுக்கு 11 பொது விடுமுறைகள் சம்பளத்துடன் தொழிலாளிக்கு உரியவை. புதன்கிழமை விடுமுறை வந்தால் அவன் வேலைக்குப் போவதில்லை, சம்பளமும் குறைவதில்லை. சனிக்கிழமை வந்தால் அவன் எப்போதும்போல வீட்டில் இருக்கிறான், அதே சம்பளத்துக்கு அந்த வாரமும் ஐந்து நாள் உழைத்திருக்கிறான். ஈடு கொடுக்காவிட்டால் அவனுக்குக் கிடைப்பவை பத்துதான்.

நான் சொன்னபடி அவன் மேலாளருக்கு மின்னஞ்சல் எழுதினான். அடுத்த மாதச் சம்பளத்தில் 108 வெள்ளி சேர்ந்து வந்தது. மகிழ்ச்சிதான், ஆனால் தொகை சரியில்லை. இந்த ஒரு நாள் சம்பளத்தை அடிப்படைச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடக் கூடாது. மொத்தச் சம்பளத்தை வைத்துக் கணக்கிட வேண்டும். ஷிப்டு படி அதில் சேரும். சாப்பாடு, போக்குவரத்து, தங்குமிடப் படிகளும் கூடுதல் நேர ஊதியமும் போனஸும் சேரா. ஆக அவனுடைய மொத்தச் சம்பளம் 2,600 வெள்ளி. அதை 12ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு 31,200. வாரம் ஐந்து நாள் வீதம் 52 வாரங்களுக்கு 260 வேலை நாள்கள். வகுத்தால் ஒரு நாளைக்கு 120 வெள்ளி வரும். நிறுவனம் 2,340ஐ வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறது. மீதி 12 வெள்ளிக்கு மறுபடியும் எழுதச் சொல்லியிருக்கிறேன். தொகை சிறியதுதான், ஆனால் அந்தக் கிடங்கில் எத்தனை பேருக்கு இதே கணக்குப் போட்டிருப்பார்கள்!

இன்னொரு தவறு இதைவிட நுட்பமானது. மாற்று நாள் கொடுத்துவிட்டு, விடுப்புப் பதிவேட்டில் அதை ஆண்டு விடுப்பிலிருந்து கழித்துவிடுகிறார்கள். ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குவது இது. மாற்று நாள் எடுத்தவர்கள், விடுப்பு எடுப்பதற்கு முன்னும் பின்னும் ஆண்டு விடுப்பின் இருப்பு எவ்வளவு என்று ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும்.

ஷிப்டு முறையில் வேலை செய்பவர்களும் தங்கள் ஓய்வு நாள் எது என்பதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். இந்த ஆண்டு கிறிஸ்துமஸ் வெள்ளிக்கிழமை வருகிறது. கடையில் வாரம் ஆறு நாள் வேலை செய்யும் ஒருவருக்கு வெள்ளிதான் ஓய்வு நாள் என்றால், மறுநாள் சனிக்கிழமை அவருக்குச் சம்பளத்துடன் விடுமுறை. "உனக்கு இன்றைக்கு ஓய்வு நாள்தானே, கிறிஸ்துமஸையும் சேர்த்துக் கொண்டாடு" என்று சொல்லிவிட்டு, சனிக்கிழமை வழக்கம்போல் வேலைக்குக் கூப்பிட்டால் அது சரியல்ல. சனிக்கிழமை அவரை வேலைக்கு வரச் சொன்னால், வழக்கமான சம்பளத்துக்கு மேல் ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் கூடுதலாகத் தர வேண்டும், அல்லது இரு தரப்பும் பேசி வேறொரு நாளை விடுமுறையாக வைத்துக்கொள்ள வேண்டும்.

வேலை அனுமதிச் சீட்டில் வந்திருக்கும் நம் ஊர்த் தம்பிகளுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். இல்லப் பணிப்பெண்கள் இதற்குள் வருவதில்லை என்பது வருத்தத்துக்குரியது.

முதலாளிகளை நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த ஆண்டின் பொது விடுமுறைப் பட்டியலை ஊழியர்களுக்கு அனுப்பும்போதே, சனிக்கிழமையில் வரும் ஒவ்வொரு விடுமுறைக்கும் எதிரே, மாற்று நாளா பணமா, எந்தத் தேதிக்குள் என்று எழுதிவிடுங்கள். பத்து நிமிட வேலை இது. 2027இல் சீனப் புத்தாண்டின் முதல் நாள், தொழிலாளர் தினம், கிறிஸ்துமஸ் ஆகிய மூன்றும் சனிக்கிழமைகளில் வருகின்றன. அடுத்த வாரமே பிறக்கும் 2028இன் முதல் நாளும் சனிக்கிழமைதான்.

இந்த மார்ச் 21க்கு எதுவும் கிடைக்காதவர்கள் முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். பலனில்லை என்றால் முறைப்படி சம்பளக் கோரிக்கை தாக்கல் செய்யலாம். எங்கே, எப்படி என்பது மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் இருக்கிறது. வேலையில் தொடர்பவர்களுக்கு ஓராண்டு அவகாசம் உண்டு. வேலையை விட்டவர்கள் கடைசி வேலை நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் கோரிக்கையைத் தாக்கல் செய்துவிட வேண்டும். சம்பளச் சீட்டுகளையும் ஒப்பந்தத்தின் நகலையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகி