87 சதவீதம் யாருக்கு?

ஆசிரியருக்கு,

மரபணுப் புற்றுநோய் பற்றிய கட்டுரையில், பிஆர்சிஏ1 என்ற மரபணுவில் மாற்றம் உள்ள பெண்ணுக்கு மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு 87 சதவீதம் என்று எழுதியிருந்தீர்கள். அந்த எண் 1994-இல் வந்தது. தாய், சித்தி, அக்கா எனப் பலரும் பாதிக்கப்பட்ட குடும்பங்களைத் தேடிப்பிடித்துக் கணக்கிட்டது. நோய் வராதவர்கள் அதிகமுள்ள குடும்பங்கள் அதில் நுழையவே வழியில்லை. மாற்றம் உள்ள, நோயில்லாத பெண்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த 2017 ஆய்வில், 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு 72, சினைப்பைப் புற்றுநோய் வாய்ப்பு 44 சதவீதம். பிஆர்சிஏ2 என்ற இன்னொரு மரபணுவில் மாற்றம் இருந்தால் முறையே 69, 17.

இவையும் வாழ்நாள் கணக்குதான். ஐம்பது வயதுவரை நோயின்றி வந்த பெண் ஆபத்தின் ஒரு பகுதியை ஏற்கெனவே கடந்துவிட்டார். அவருக்கு வேண்டியது மீதி ஆண்டுகளின் கணக்கு. மார்பகத்தை அகற்றாமல் ஆண்டுதோறும் எம்ஆர்ஐ எடுத்துக் கண்காணிப்பதும் அவருக்கு நியாயமான வழியே.

சினைப்பை விஷயம் வேறு. அங்கே நம்பத்தக்க முன்கண்டறிதல் சோதனை இல்லை. அதனால்தான் கருக்குழாயோடு சினைப்பையை அகற்ற, பிஆர்சிஏ1 என்றால் 35–40 வயதிலும், நோய் சற்றுத் தாமதமாக வரும் பிஆர்சிஏ2 என்றால் 40–45 வயதிலும் பரிந்துரைக்கிறார்கள். கட்டுரையில் இந்த வயதுகள் இடம்பெறாதது பெரிய குறை.

– ஒரு வாசகர்