மண்டப உரிமையாளர்களுக்கும் சமையல் ஒப்பந்தக்காரர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

விசேஷ வீடுகளில் மிஞ்சும் சாப்பாட்டை எடுத்துப்போய் இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் சிறு குழுவில் நானும் ஒருவன். போன வாரம் ஒரு கல்யாண மண்டபத்திலிருந்து எங்களுக்கு அழைப்பு வந்தபோது இரவு மணி 10.40. வீட்டார் சொன்னது 500 பேர், சமைத்தது 600 பேருக்கு, வந்தது 380 பேர். ஆக, 220 பேர் சாப்பாடு யார் கையும் படாமல் அண்டாவில் இருந்தது.

மூடியைத் திறந்தேன். ஓரத்தில் நுரை கட்டியிருந்தது, புளிப்பு வாடை அடித்தது. மாலை 4 மணிக்கு இறக்கி, சூட்டோடு மூடி வைத்த சோறு அது. அவ்வளவு பெரிய அண்டாவில் நடுப்பகுதி ஆறவே பல மணி நேரம் ஆகும். அந்த வெதுவெதுப்பு கிருமிக்கு வசதி. வாடை வராத அண்டாவையும் நம்ப முடியாது. சில கிருமிகள் விடும் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. அத்தனையையும் கொட்டினோம். காப்பகத்தில் பிள்ளைகள் தூங்காமல் காத்திருந்தார்கள். அவர்களிடம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன்.

இது உங்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை. முதல் பந்தி எழும்போதே எத்தனை பேர் வருவார்கள் என்று உங்கள் பரிமாறுபவர்களுக்குப் பிடிபட்டுவிடும். அப்போதே ஒரு போன் செய்யுங்கள் என்பதுதான் எங்கள் வேண்டுகோள். இனித் தேவைப்படாது என்று தெரிந்த அண்டாவை 60 டிகிரிக்குக் குறையாத சூட்டில் வையுங்கள். முடியாவிட்டால் அகலத் தட்டுகளில் பரப்பி, சீக்கிரம் ஆறவிட்டு, குளிர்பெட்டியில் வையுங்கள். இரண்டுமே முடியாதா, இறக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் எங்களிடம் கொடுத்துவிடுங்கள்.

"மிச்சம்தானே, கிடைத்ததே பெரிது" என்று அன்று ஒருவர் சொன்னார். அந்தப் பேச்சுதான் எனக்கு ஆறவில்லை. அழைப்பிதழோடு வந்தவருக்கு வாடை அடிக்கும் சோற்றை வைப்பீர்களா? பிடிக்கவில்லை என்றால் அவர் தள்ளி வைத்துவிடலாம், வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம். பசியோடு இருப்பவரால் அது முடியாது. மறுக்க முடியாதவரிடம் இன்னும் கவனமாக இருப்பதுதானே நியாயம்? 2022-இல் மட்டும் உலகம் வீணாக்கிய உணவு 105 கோடி டன் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. ஊருக்குக் குறைவாகத் தெரியக்கூடாது என்று கூட்டிச் சொல்லும் வீட்டாருக்கும் அதில் பங்கு உண்டு. அவர்களிடம் தனியாகப் பேச வேண்டும்.

சரி, உங்களிடம் கேட்பது இதுதான். முன்பணம் வாங்கும் அன்றே, மிச்ச உணவுக்கு யார், எத்தனை மணிக்குப் போன் செய்வது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள். கடைசிப் பந்தி வரை காத்திருக்காமல், முதல் பந்தி முடிந்ததும் கூப்பிடுங்கள். பாத்திரத்தோடு நாங்களே வருகிறோம், கழுவியும் தருகிறோம்.

பணிவுடன்,
உணவு சேகரிப்புத் தொண்டர் ஒருவர்