கல்வி நிலையங்களின் கட்டணக் கழிவுகள்: கணக்கிடும் முறை எழுத்தில் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை போன்ற இடங்களிலுள்ள தனியார் கல்வி நிலையங்கள் சில, தவணை தொடங்குமுன் வெளியிடும் துண்டுப்பிரசுரங்களில் இரண்டு கழிவுகளை அறிவிக்கின்றன. ஒன்று, குறித்த திகதிக்கு முன் தவணைக் கட்டணத்தைச் செலுத்துவோருக்கானது. மற்றது, ஒரே வீட்டிலிருந்து இரண்டாவது பிள்ளையையும் சேர்ப்போருக்கானது. வீதங்கள் பெரிய எழுத்தில் அச்சிடப்படுகின்றன. ஆனால் எந்தத் தொகையில், எந்த ஒழுங்கில் கழிக்கப்படும் என்பது அங்கு இருப்பதில்லை. கருமபீடத்தில் பணத்தை நீட்டும்போதுதான் பெற்றோர் அதை அறிய நேர்கிறது.

எங்கள் வீட்டுக் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். மூத்தவள் தரம் 10, தவணைக் கட்டணம் 24,000 ரூபா. இளையவன் தரம் 6, கட்டணம் 15,000 ரூபா. முற்கூட்டிச் செலுத்தினால் 10 வீதமும், இரண்டாம் பிள்ளைக்கு 15 வீதமும் கழிவு என்றிருந்ததால், மொத்தம் 39,000 ரூபாவில் கால்வாசி குறையும் என்றே என் மனைவி எதிர்பார்த்தார். அப்படியானால் 29,250 ரூபா செலுத்தியிருக்க வேண்டும். நாங்கள் செலுத்தியதோ 33,075 ரூபா. மூத்தவளுக்கு 10 வீதம் மட்டும் போக 21,600 ரூபா. இளையவனுக்கு முதலில் 10 வீதம் கழித்து 13,500 ஆக்கி, அந்த மீதியில் 15 வீதம் கழித்து 11,475 ரூபா. மொத்தத்தில் எங்களுக்குக் கிடைத்த கழிவு 15 வீதத்தைச் சற்றே தாண்டியது.

இந்தக் கணக்கில் பிழை இல்லை. ஆனால் இதே அறிவித்தலை வைத்துக்கொண்டு வேறு விதமாகவும் கணக்கிடலாம் என்பதுதான் சிக்கல். இரண்டு வீதங்களையும் கூட்டி 25 வீதமாகக் கழித்தால் இளையவனுக்கு 11,250 ரூபா வரும். இரண்டில் பெரிய கழிவு மட்டுமே செல்லும் என்றால் 12,750 ரூபா வரும். இன்னொரு பெரிய வித்தியாசம், இரண்டாம் பிள்ளை யார் என்பதில் இருக்கிறது. கழிவைக் குறைந்த கட்டணமுள்ள பிள்ளைக்கே கொடுப்பது நிலையங்களுக்கு வசதி; 15 வீதம் என்பது மூத்தவளின் முழுக் கட்டணத்தில் 3,600 ரூபா, இளையவனின் கட்டணத்தில் 2,250 ரூபா. பின்னர் சேர்ந்தவரா, வயதில் இளையவரா, கட்டணம் குறைந்தவரா என்று ஒரு வரி அச்சிட்டிருந்தால் எந்தப் பெற்றோரும் வாக்குவாதப்படத் தேவையில்லை.

முற்கூட்டிய கழிவுக்கான திகதி பற்றியும் சொல்ல வேண்டும். தவணை தொடங்குமுன் பிள்ளைகளின் எண்ணிக்கை தெரிந்தால் மண்டப வாடகை, ஆசிரியர் நேரம், டியூட் அச்சிடுதல் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தலாம் என்பதால், நிலையங்கள் முற்பணத்தை விரும்புவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இறுதித் திகதி 20 என்று வைக்கப்படுகிறது. சம்பளம் வாங்குவோரில் மிகப் பலருக்கு மாதத்தின் கடைசி வாரத்தில்தான் பணம் கைக்கு வருகிறது. அந்த ஒரு வாரத்துக்காக எங்கள் வீட்டுக்கு ஏற்படக்கூடிய இழப்பு, முதலில் 3,900 ரூபாவாகத் தெரிந்தாலும், உடன்பிறந்தோர் கழிவையும் சேர்த்துப் பார்த்தால் 3,675 ரூபா. இதைத் தவிர்க்க நகையை அடகு வைக்கும் வீடுகளை நான் அறிவேன். பெரும்பாலானோர் கழிவு பெற்றுச் செலுத்துகின்ற இடத்தில், அந்தக் குறைந்த தொகையே உண்மையான கட்டணம். முழுக் கட்டணம் என்பது மாதச் சம்பளக்காரரிடம் அறவிடப்படும் தண்டமாகிவிடுகிறது. திகதியை அடுத்த மாதம் 3 ஆம் திகதி வரை நீட்டினால் நிலையத்தின் திட்டமிடல் குலைந்துவிடாது.

பிள்ளை இடையில் நின்றால் என்ன ஆகும் என்பதும் எங்கும் எழுதப்படுவதில்லை. மூன்று மாதத் தவணையில் இளையவன் ஒரு மாதத்துடன் நின்றால், செலுத்திய 11,475 ரூபாவில் மூன்றில் இரண்டு பங்கான 7,650 ரூபா திரும்ப வர வேண்டும் என நினைப்போம். கழிவை இரத்துச் செய்து முழுக் கட்டண அடிப்படையில் ஒரு மாதத்துக்கு 5,000 ரூபா பிடித்தால் 6,475 ரூபாதான் வரும். பணம் திருப்பித் தரப்படாது என்பதும் ஒரு விதியாக இருக்கலாம். மூத்தவள் சாதாரண தரப் பரீட்சையுடன் விலகும்போது தம்பியின் கழிவும் அன்றே நின்றுவிடுமா, அந்தத் தவணை முடியும்வரை தொடருமா என்று நான் கேட்டபோது, கருமபீடத்தில் இருவர் இரு விதமாகப் பதில் சொன்னார்கள்.

கழிவைக் கூட்டுமாறு நான் கேட்கவில்லை. துண்டுப்பிரசுரத்தின் பின்பக்கத்தில் இரு பிள்ளைகளின் மாதிரிக் கணக்கு ஒன்றையும், அனுமதிக் கட்டணத்துக்கும் டியூட் பணத்துக்கும் கழிவு உண்டா இல்லையா என்பதையும், விலகினால் பணம் திரும்பும் முறையையும் அச்சிடட்டும். பற்றுச்சீட்டிலும் முழுக் கட்டணம், ஒவ்வொரு கழிவு, செலுத்திய தொகை என்று தனித்தனியே எழுதித் தரட்டும்.

இங்ஙனம்,
பெற்றோர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06