நிலா விலகுவதும் நாள் நீள்வதும் ஒரே கணக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் அறிவியல் பக்கத்தில் இரண்டு துணுக்குகள் வந்திருந்தன. பூமியின் நாள் மெல்ல நீள்கிறது என்றது ஒன்று. பூமியின் ஈர்ப்பு குறைவதால் நிலா ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் விலகுகிறது என்றது இன்னொன்று. அளவு சரி, காரணம் தவறு. ஈர்ப்பு குறையவில்லை. இரண்டு செய்தியும் உண்மையில் ஒன்றுதான் என்பதால் எழுதுகிறேன்.

நிலாவின் இழுப்பில் கடல் இரு பக்கமும் புடைக்கிறது. நிலா பூமியைச் சுற்ற 27 நாள் ஆகும். பூமியோ ஒரே நாளில் சுழன்றுவிடுகிறது. அதனால் உராய்வு அந்தப் புடைப்பை நிலாவுக்குச் சற்று முன்னால் தள்ளிக்கொண்டு போகிறது. (கண்டங்கள் குறுக்கிடுவதால் நிஜக் கடலில் இது இவ்வளவு ஒழுங்காக இருக்காது, மொத்த விளைவு இதுதான்.) நிலா அந்தப் புடைப்பைப் பின்னால் இழுக்கிறது, பூமியின் சுழற்சிக்கு பிரேக் விழுகிறது. புடைப்பு நிலாவை முன்னால் இழுக்கிறது, நிலா உயரமான பாதைக்கு ஏறுகிறது. பூமி இழந்த கோண உந்தம், அதாவது நிறை, வேகம், தூரம் மூன்றும் சேர்ந்த சுழற்சியின் அளவு, அப்படியே நிலாவிடம் போய்ச் சேர்கிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நிலாவின் தூரம் 3,84,000 கிலோமீட்டர். அதில் 3.8 சென்டிமீட்டர் என்பது ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. கோண உந்தம் தூரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது, ஆகவே அது கூடுவது அதில் பாதி. நிலாவின் கோண உந்தம் பூமியின் சுழற்சிக்கு உள்ளதைப் போல ஏறக்குறைய 5 மடங்கு. அப்படியானால் பூமி ஆண்டுக்கு இழப்பது ஆயிரம் கோடியில் இரண்டரைப் பங்கு. ஒரு நாளின் 86,400 விநாடிக்கு இதைப் பொருத்தினால், நூறு ஆண்டில் நாள் 2 மில்லி விநாடிக்குச் சற்று மேல் நீள வேண்டும். சூரியனின் இழுப்பால் எழும் கடல் ஓதத்தையும் சேர்த்தால் சுமார் 2.3 மில்லி விநாடி.

சரி, இதற்குச் சாட்சி? கி.மு. 136 ஏப்ரல் 15 அன்று பாபிலோனில் முழுச் சூரிய கிரகணம் தெரிந்ததைக் களிமண் பலகைகள் சொல்கின்றன. நாளின் நீளம் மாறாமலே இருந்திருந்தால் அந்த நிழல் ஏறக்குறைய 49 பாகை மேற்கே விழுந்திருக்கும். மில்லி விநாடிகள் ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட நாட்களில் சேர்ந்து மூன்று மணி நேரத்தைத் தாண்டிவிட்டன.

ஆனால் பழைய கிரகணங்கள் தரும் அளவு நூறு ஆண்டுக்கு 1.8 மில்லி விநாடிதான். மீதி அரை மில்லி விநாடிக்கு முக்கியக் காரணம் பனியுகம். பனிப்பாளங்களின் பாரம் நீங்கிய வட நிலப்பரப்புகள் இன்னும் மேலெழும்புகின்றன. பூமியின் நிறை துருவப் பக்கம் சற்று நகர்ந்து சுழற்சி கொஞ்சம் வேகம் பிடிக்கிறது. இது பூமிக்குள்ளேயே நடக்கும் இடமாற்றம். நிலாவின் கணக்கில் சேராது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்