கையிருப்பு என்று அச்சிடுவதெல்லாம் கையில் இருப்பதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

"ரிசர்வ் வங்கி மனது வைத்தால் ரூபாயின் விலையை ஒரே இடத்தில் நிறுத்திவிடலாம்" என்று ஞாயிறு தலையங்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். மூன்று நாளாக அந்த வரி என்னை உறுத்துகிறது.

மண்ணடியில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்கு எழுதியவன் நான். கொழும்புக்கு வெங்காயமும் மிளகாய் வற்றலும் அனுப்பிவந்தோம். 2022 பிப்ரவரியில், இருபது ஆண்டுகளாகப் பழகிய வியாபாரி ஒருவர் சரக்குக்கான முழுப் பணத்தையும் இலங்கை ரூபாயில் தம் வங்கியில் கட்டினார். "ரூபாய் இருக்கிறது ஐயா, வங்கியிடம் டாலர்தான் இல்லை" என்றபோது அவர் குரல் உடைந்தது. டாலர் வராமல் ஆவணத்தை விடுவிக்க முடியாது. கொள்கலனிலேயே வெங்காயம் முளைவிட்டது.

இலங்கையிலும் ரூபாயின் விலையை நிறுத்தித்தான் வைத்திருந்தார்கள். 2021 செப்டம்பர் முதல் ஒரு டாலர் சுமார் 200 ரூபாய். அந்த ஆண்டு இறக்குமதி, ஏற்றுமதியைவிட ஏறத்தாழ 810 கோடி டாலர் அதிகம். முன்பெல்லாம் அந்தப் பள்ளத்தைச் சுற்றுலாப் பயணிகளும் வெளிநாட்டில் உழைப்பவர்களும் பெருமளவு நிரப்பினார்கள். கொரோனாவில் சுற்றுலா படுத்தது. டாலருக்கு வங்கி தரும் விலையைவிட, வங்கிக்கு வெளியே பணம் மாற்றித் தரும் உண்டியல்காரர் அதிகம் தந்ததால், உழைப்பவர்களின் பணமும் தடம் மாறியது. 2020இல் வங்கி வழியே 710 கோடி டாலராக வந்தது, மறு ஆண்டில் 550 கோடியானது. விலையைப் பிடித்து வைத்ததே வரவை விரட்டியது! மீதிப் பள்ளத்துக்கும் கடன் தவணைக்கும் நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பிலிருந்துதான் எடுத்தார்கள். 2022 மார்ச் 7 அன்று பிடியை விட்டார்கள். மே மாதத்துக்குள் டாலர் 360 ரூபாயைத் தொட்டது. அதே மாதம் நம் சென்னைத் துறைமுகத்திலிருந்து அரிசியும் பால் மாவும் கப்பலேறியது உங்களுக்குத் தெரியாததல்ல.

2021 இறுதியில் இலங்கையின் கையிருப்பு சுமார் 310 கோடி டாலர். அதில் 150 கோடி டாலர் அளவுக்கு, சீனா பரிமாற்ற ஒப்பந்தத்தில் கொடுத்த யுவான். மூன்று மாத இறக்குமதிக்குப் போதிய கையிருப்பு இருந்தால்தான் அதைத் தொடலாம் என்பது நிபந்தனை. தேவைப்படும் நாளில் எடுக்க முடியாத பணம் அது. நீங்கள் 310 கோடி என்று மட்டுமே அச்சிட்டீர்கள். அப்போதே எழுதினேன், கடிதம் வெளிவரவில்லை. வெளிநாட்டு வரவு செலவில் விழும் நடப்புக் கணக்குப் பற்றாக்குறையையும் அரசின் பட்ஜெட் பற்றாக்குறையையும் ஒன்றாக்கி எழுதியதைச் சுட்டிக்காட்டிய கடிதத்துக்கும் அதே கதிதான். முதுமையில் வேலையற்றவன் எழுதுகிறான் என்று நினைத்தீர்களோ, தெரியாது. வருத்தம் உண்டு.

இந்தியா இலங்கையல்ல, அறிவேன். ரிசர்வ் வங்கி டாலர் விற்று, ரூபாய் திடீரென்று சரிவதைத் தணிக்கலாம். வெளியே போகும் டாலர் வருவதைவிடத் தொடர்ந்து அதிகமானால், விற்க விற்கக் கையிருப்பு கரையும். அதைப் பார்ப்பவர்கள் இன்னும் விலை ஏறும் என்று முந்திக்கொண்டு டாலர் வாங்குவார்கள். ஏற்றுமதியாளர்கள் தங்கள் டாலரை மாற்றாமல் தள்ளிப்போடுவார்கள். நாங்களே தள்ளிப்போட்டிருக்கிறோம்.

வாரந்தோறும் நீங்கள் வெளியிடும் கையிருப்புத் தொகையின் கீழே, அது எத்தனை மாத இறக்குமதிக்குப் போதும், ஓராண்டுக்குள் கட்டவேண்டிய வெளிக்கடன் எவ்வளவு என்று இரண்டு வரி சேர்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்காளர்,
மண்ணடி, சென்னை